மாத இருப்பும் ஆண்டு வட்டியும்

நுழையும்முன்

உழைப்பவரின் கூலியிலிருந்து மாதந்தோறும் ஒரு பகுதி பிடிக்கப்படுகிறது. ஆண்டின் முடிவில் அதற்கு வட்டி சேர்கிறது. அவ்வட்டி எந்தத் தொகைக்கு, எத்தனை மாதத்திற்குக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுத் தொழிலாளி ஒருவரின் ஓராண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டு, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் வட்டிக் கணக்கீட்டை இப்பாடம் விளக்குகிறது.

*

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் மழை குறைவு, வெயில் மிகுதி. ஈரம் பட்டால் கெட்டுவிடும் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் இந்த வறண்ட வானிலை ஏற்றதாக அமைந்தது. வேளாண்மைக்குக் கைகொடுக்காத வானம் தொழிலுக்குக் கைகொடுத்தது எனலாம். 1920களில் தீப்பெட்டியோடு தொடங்கிய தொழில் பின்னர்ப் பட்டாசாகவும் அச்சாகவும் விரிந்தது.

பட்டாசு ஆலைகளில் பெரும்பாலான வேலைகளுக்கு உருப்படிக் கூலியே வழங்கப்படுகிறது. காகிதக் குழாய் உருட்டுதல், மருந்து செலுத்துதல், திரி செருகுதல், பெட்டியில் அடுக்குதல் என ஒவ்வொன்றுக்கும் செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி கணக்கிடப்படும். ஆகவே ஒருவருடைய வருவாய் மாதத்துக்கு மாதம் மாறும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை நெருக்கும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் ஓய்ந்திருக்கும். மழை பெய்தால் மருந்து வேலை நின்றுவிடும். அரசு அலுவலர் ஒருவரின் நிதிக் கணக்கில் பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை வரிசையாக நிற்பதைக் காணலாம். பட்டாசுத் தொழிலாளியின் கணக்கிலோ ஏற்ற இறக்கங்களே மிகுதி. வட்டிக் கணக்கின் நுட்பத்தை அறிய இத்தகைய கணக்கே ஏற்றது; ஏனெனில் பணம் எவ்வளவு வந்தது என்பதைப் போலவே எப்போது வந்தது என்பதும் இங்கே தொகையை மாற்றுகிறது.

நிதியும் பங்களிப்பும்

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இருபது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தொழிற்சாலைகளுக்கு அது பொருந்தும். ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வருபவரும் அச்சட்டத்தின் பார்வையில் தொழிலாளரே. தொழிலாளியின் கூலியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு பிடிக்கப்படுகிறது. அதே அளவு தொகையை முதலாளியும் தரவேண்டும். ஆனால் முதலாளி தரும் பன்னிரண்டில் 8.33 பங்கு ஓய்வூதியத் திட்டத்திற்குச் சென்றுவிடும், எஞ்சிய 3.67 பங்கே வைப்பு நிதியில் சேரும். பத்தாயிரம் ரூபாய் கூலிக்குத் தொழிலாளியின் பங்கு 1,200 ரூபாய். முதலாளியின் பங்கில் 833 ரூபாய் ஓய்வூதியத்திற்கும் 367 ரூபாய் நிதிக்கும் போகும்.

கணக்கேட்டில் இம்மூன்றும் தனித்தனிப் பத்திகளில் காணப்படும். முதல் இரண்டுக்கும் வட்டி உண்டு. ஓய்வூதியப் பத்தியில் வட்டி சேர்வதில்லை. 'ஒரு பத்திக்கு மட்டும் வட்டி போடாமல் விட்டுவிட்டார்கள்' என்று சிலர் கருதுவதற்கு இதுவே காரணம். அது பிழையன்று, ஓய்வூதியம் அத்தொகையைப் பெருக்கித் தரப்படுவதில்லை, பணிக்காலத்தையும் கூலியையும் கொண்டு தரப்படுகிறது.

வட்டி விதி

வைப்பு நிதித் திட்டத்தின் 60ஆம் பத்தி, வட்டியை 'மாத நடப்பு இருப்பு' அடிப்படையில் கணக்கிட வேண்டும் எனக் கூறுகிறது. கணக்கு ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கி மார்ச் இறுதி நாளில் முடிகிறது. விதியின் சாரத்தை மூன்று தொடர்களில் சொல்லிவிடலாம். ஆண்டின் தொடக்கத்தில் இருந்த தொகைக்கு, இடையில் எடுக்கப்பட்டது போக, பன்னிரண்டு மாத வட்டி உண்டு. ஆண்டுக்குள் சேர்ந்த தொகைக்கு, அது சேர்ந்த மாதத்தை விட்டு அடுத்த மாத முதல் நாளிலிருந்து வட்டி தொடங்கும். ஆண்டுக்குள் எடுக்கப்பட்ட தொகைக்கு, எடுத்த மாதத்திற்கு முந்தைய மாத இறுதிவரை மட்டுமே வட்டி கிடைக்கும்.

இதில் நாள் கணக்கு இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஏப்ரல் 3ஆம் நாள் சேர்ந்தாலும் 28ஆம் நாள் சேர்ந்தாலும் மே முதல் நாளே வட்டி தொடங்கும். எடுக்கும்போதும் அவ்வாறே: மாதத்தின் முதல் நாளில் எடுத்தாலும் கடைசி நாளில் எடுத்தாலும் அம்மாத வட்டி முழுவதும் போய்விடும்.

வட்டி வீதத்தை மத்திய அறங்காவலர் குழு ஆண்டுதோறும் பரிந்துரைக்கிறது. மத்திய நிதி அமைச்சகம் இசைவளித்த பின் அது நடைமுறைக்கு வருகிறது. தொடக்க ஆண்டில் 3 விழுக்காடாக இருந்த வீதம் 1990களில் 12 விழுக்காடாக உயர்ந்திருந்தது. 2024-25ஆம் ஆண்டுக்கு 8.25 விழுக்காடு என 2025 பிப்ரவரி 28ஆம் நாள் பரிந்துரைக்கப்பட்டது.

ஊர்ப்புறத்தில் வட்டியை ஆண்டு விழுக்காடாகச் சொல்லும் வழக்கம் இல்லை. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் 'இரண்டு வட்டி' என்பர். அந்த மொழியில் சொன்னால் 8.25 விழுக்காடு என்பது நூற்றுக்கு மாதம் அறுபத்தெட்டே முக்கால் காசு. முக்கால் வட்டிக்கும் சற்றுக் குறைவு. 8.25ஐப் பன்னிரண்டால் வகுத்தால் இந்த 0.6875 கிடைக்கும். கணக்கீடு முழுவதும் இவ்வெண்ணைச் சுற்றியே அமைகிறது.

ஓராண்டுக் கணக்கு

எடுத்துக்காட்டாக, சிவகாசிப் பகுதி ஆலை ஒன்றில் திரி செருகும் பெண் தொழிலாளி ஒருவரைக் கொள்வோம். 2024 ஏப்ரல் முதல் நாள் அவருடைய சொந்தப் பங்குப் பத்தியில் 30,000 ரூபாய் இருந்தது. முதலாளி பங்குப் பத்திக்கும் முறை இதுவே என்பதால் ஒரு பத்தியை மட்டும் பின்தொடர்ந்தால் போதும்.

ஒரு மாதக் கூலிக்கு உரிய பங்களிப்பை அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் ஆலை செலுத்தவேண்டும். எனவே மார்ச் மாதக் கூலிக்குரிய தொகை ஏப்ரலில் சேர்கிறது. ஆண்டின் கடைசி வரவு பிப்ரவரிக் கூலிக்கு உரியது. அது மார்ச்சில் சேரும். மார்ச் முதல் ஜூன் வரை அவர் மாதம் 10,000 ரூபாய் ஈட்டினார். தீபாவளி நெருங்கிய ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பரில் 12,500 ரூபாய். அக்டோபர் 31 தீபாவளி. அதற்கு முன்னரே உற்பத்தி குறைந்ததால் அம்மாதம் 7,500 ரூபாயே கிடைத்தது. நவம்பரில் ஆலை இயங்கவில்லை. டிசம்பரில் மீண்டும் 7,500. சனவரி, பிப்ரவரியில் 10,000. இடையே டிசம்பரில் குடும்பத்தில் ஒருவரின் மருத்துவத்திற்காக நிதியிலிருந்து 6,000 ரூபாய் முன்பணம் எடுத்தார்.

| மாதம் | வட்டிக்குரிய இருப்பு (ரூ.) | அம்மாதம் சேர்ந்தது (ரூ.) |
|---|---|---|
| ஏப்ரல் 2024 | 30,000 | 1,200 |
| மே | 31,200 | 1,200 |
| ஜூன் | 32,400 | 1,200 |
| ஜூலை | 33,600 | 1,200 |
| ஆகஸ்டு | 34,800 | 1,500 |
| செப்டம்பர் | 36,300 | 1,500 |
| அக்டோபர் | 37,800 | 1,500 |
| நவம்பர் | 39,300 | 900 |
| டிசம்பர் | 34,200 | 0 |
| சனவரி 2025 | 34,200 | 900 |
| பிப்ரவரி | 35,100 | 1,200 |
| மார்ச் | 36,300 | 1,200 |
| கூட்டல் | 4,15,200 | 13,500 |

டிசம்பர் வரிசையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். நவம்பரில் சேர்ந்த 900 ரூபாயோடு இருப்பு 40,200 ஆகியிருந்தது. அம்மாதம் 6,000 எடுக்கப்பட்டதால், எந்த நாளில் எடுத்திருந்தாலும், டிசம்பர் வட்டிக்குரிய இருப்பு 34,200 ஆகிவிட்டது. நவம்பரில் கூலி இல்லாததால் டிசம்பரில் வரவும் இல்லை; ஆகவே சனவரியிலும் இருப்பு அப்படியே நிற்கிறது. வேலை இல்லாத மாதத்தின் தடம் ஒரு மாதம் தள்ளி வரவிலும், இரண்டு மாதம் தள்ளி இருப்பிலும் தெரிகிறது.

பன்னிரண்டு இருப்புகளின் கூட்டல் 4,15,200. இதை ஒரு மாத வீதத்தால் பெருக்கினால் ஆண்டு வட்டி கிடைக்கும்.

```
4,15,200 × 8.25 ÷ 1200 = 2,854.50
```

மொத்த வட்டியை முழு ரூபாய்க்குத் திருத்தவேண்டும் என்பதும், ஐம்பது காசை அடுத்த ரூபாயாகக் கொள்ளவேண்டும் என்பதும் விதி. எனவே வட்டி 2,855 ரூபாய். இந்தத் திருத்தம் இறுதியில் ஒருமுறை மட்டுமே செய்யப்படும். மாதந்தோறும் திருத்தினால் சில்லறை வேறுபாடு ஏற்படும்.

மார்ச்சில் சேர்ந்த 1,200 ரூபாய் இக்கூட்டலில் ஒரு மாதம்கூட இடம்பெறவில்லை. அதற்குரிய வட்டி அடுத்த ஏப்ரலில்தான் தொடங்குகிறது. ஆண்டு முடிவில் 30,000 ரூபாயோடு 13,500 சேர்ந்து, 6,000 கழிந்து, 37,500 ஆகிறது. வட்டி 2,855ஐச் சேர்த்தால் 40,355. இதுவே 2025 ஏப்ரல் முதல் நாளின் தொடக்க இருப்பு.

மாதந்தோறும் கணக்கிடப்பட்டாலும் வட்டி மாதந்தோறும் அசலோடு சேர்வதில்லை என்பதை அட்டவணையே காட்டும். மே மாத இருப்பில் ஏப்ரல் வட்டி இல்லை. பன்னிரண்டு மாத வட்டியும் ஒதுங்கி நின்று மார்ச் 31 அன்று ஒருசேர அசலாகின்றன. வட்டிக்கு வட்டி இங்கு ஆண்டுக்கு ஒருமுறைதான்.

விடையைச் சரிபார்த்தல்

அதே விடையை விதியின் சொற்களை நேராகப் பின்பற்றியும் அடையலாம். தொடக்க இருப்பு 30,000இல் எடுத்தது போக 24,000. அது பன்னிரண்டு மாதம் நின்றதால் 2,88,000. எடுத்த 6,000 ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதம் நின்றது, அது 48,000. வரவுகளில் ஏப்ரலில் சேர்ந்தது பதினொரு மாதம், மேயில் சேர்ந்தது பத்து மாதம் என இறங்கிக்கொண்டே வரும். முதல் நான்கு வரவுகளால் 45,600, தீபாவளிக்கால மூன்று வரவுகளால் 27,000, எஞ்சியவற்றால் 6,600. வரவுகள் மட்டும் 79,200. மூன்றையும் கூட்டினால் மீண்டும் 4,15,200.

இந்த இரண்டாவது வழி வேறொன்றையும் வெளிப்படுத்துகிறது. ஆண்டுக்குள் சேர்ந்த 13,500 ரூபாய் ஈட்டிய வட்டி, 79,200க்கு உரிய 544 ரூபாய் 50 காசு. ஆலை அந்தத் தொகை முழுவதையும் மாதந்தோறும் செலுத்தாமல் மார்ச்சில் ஒரே தவணையாகச் செலுத்தியிருந்தால், ஆண்டு முடிவில் அசல் சரியாகவே இருக்கும். இந்த 544 ரூபாய் 50 காசு மட்டும் பிறந்திருக்காது. இறுதி இருப்பை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இத்தகைய இழப்பு எளிதில் படாது.

> தெரிந்து தெளிவோம்
> பிடித்த தொகையை உரிய நாளில் செலுத்தாத முதலாளி, உரிய நாள் முதல் செலுத்தும் நாள்வரை ஆண்டுக்கு 12 விழுக்காடு தனிவட்டி தரவேண்டும் என்று சட்டத்தின் 7-கியூ பிரிவு கூறுகிறது.

பிழையைக் கண்டறிதல்

ஆண்டு வட்டியை எளிதாக மதிப்பிட விரும்புவோர் மூன்று குறுக்குவழிகளை நாடுவதுண்டு. தொடக்க இருப்பை மட்டும் 8.25ஆல் பெருக்கினால் 2,475 ரூபாய் வரும். இது மிகக் குறைவு. வட்டி சேருமுன் இருந்த இறுதி இருப்பைப் பெருக்கினால் 3,093 ரூபாய் 75 காசு, இது மிகை. இரண்டுக்கும் சராசரி கண்டால் 2,784 ரூபாய். அண்மையில் வந்தாலும் சரியன்று. தொகைகள் ஆண்டு முழுதும் சீராகச் சேர்ந்து, எதுவும் எடுக்கப்படாதிருந்தால் சராசரி ஓரளவு பொருந்தும். பட்டாசுத் தொழிலாளியின் கணக்கில் வரவு தீபாவளிக்கு முன் மிகுந்து பின் மெலிகிறது. அதனால் குறுக்குவழி வழுக்கிவிடுகிறது.

வட்டி குறைந்திருந்தால் எங்கே தவறியது எனக் காண, கணக்கைப் பின்னோக்கி நடத்தவேண்டும். அதே தொழிலாளியின் ஏட்டில் பங்களிப்பு 13,500 சரியாக இருந்தும் வட்டி 2,834 என்றே காணப்பட்டதாகக் கொள்வோம். வேறுபாடு 21 ரூபாய். இதை 0.006875ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3,050 கிடைக்கும். முழு ரூபாய்த் திருத்தத்தால் சிறிது முன்பின் இருக்கும் என்பதை நினைவிற்கொண்டு பார்த்தால், இதற்கு நெருங்கிய பெருக்கம் 1,500ஐ இரண்டால் பெருக்கி வரும் 3,000. அதாவது 1,500 ரூபாய் வரவு ஒன்று இரண்டு மாதம் தாமதமாகப் பதிவாகியிருக்கலாம். 1,200ஐயோ 900ஐயோ கொண்டு இவ்வெண்ணை நெருங்க இயலவில்லை. ஆகவே ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் ஆகிய மூன்று வரவுகளின் தேதிகளை மட்டும் பார்த்தால் போதும். அத்தேதியையும் அம்மாதக் கூலிச் சீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தாமதம் எங்கு நேர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

பிழையல்லாததைப் பிழை எனக் கருதுவதும் உண்டு. ஏப்ரல் பிறந்தும் ஏட்டில் வட்டி காணப்படவில்லையே என்பது அதில் முதன்மையானது. வீதம் அறிவிக்கப்பட்டுப் பதிவு செய்யச் சில மாதங்கள் ஆகலாம். எப்போது பதிந்தாலும் வட்டி மார்ச் 31 என்ற நாளுக்கே உரியதாகக் கொள்ளப்படுகிறது. அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பில் அது சேர்ந்தே கணக்கிடப்படும். எனவே பதிவின் தாமதத்தால் இழப்பு இல்லை. பங்களிப்பின் தாமதத்தையும் வட்டிப் பதிவின் தாமதத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது.

எடுத்த ஆறாயிரம்

டிசம்பரில் எடுத்த 6,000 ரூபாயால் அத்தொழிலாளி அவ்வாண்டில் நான்கு மாத வட்டியை இழந்தார். அது 165 ரூபாய். மாதத்திற்கு 41 ரூபாய் 25 காசு. டிசம்பர் இறுதியில் எடுப்பதற்கு மாறாகச் சனவரி முதல் நாளில் எடுத்திருந்தால் அதில் ஒரு மாதத் தொகை மிஞ்சியிருக்கும். நோய் நாள் பார்த்து வருவதில்லை என்பதால் இதனைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை.

அதே 6,000ஐ வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 180 ரூபாய் கட்டவேண்டியிருக்கும். அவ்வகையில் நிதியிலிருந்து எடுத்ததே மலிவு. ஆனால் முன்பணமாக எடுத்த இத்தொகை நிதிக்குத் திரும்புவதில்லை. வீதம் 8.25ஆகவே நீடித்தால் 6,000 ரூபாய் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 29,000 ரூபாயாக வளர்ந்திருக்கும். ஓராண்டு ஏட்டில் 165 ரூபாயாகத் தெரியும் இழப்பின் முழு அளவு, அவர் ஆலையை விட்டு ஓய்வுபெறும் நாளில்தான் கணக்கில் வரும்.